ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின்: 60-இல் போய் நிற்கும் அந்தக் குமிழ்

ஹீட்டரை மாற்றிய கையோடு எழுதுகிறேன். ஒயிட்ஃபீல்டு நண்பர் ஒருவரும் "ஹீட்டர் உள்ள ஃப்ரன்ட் லோடு வாங்கலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

துவைப்பதில் குறையே இல்லை. எரிச்சல் ஒன்றுதான்: குமிழை 'காட்டன்' பக்கம் திருப்பினால் தானாக 60 டிகிரியில் போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தி 40-க்கு இறக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியே சாட்சி.

சாம்பார் கறையில் பருப்பின் புரதம், எண்ணெய், மஞ்சள் மூன்றும் இருக்கின்றன. நேராக 60-இல் போட்டால் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் பருத்திக்குச் சாயமே அல்லவா, சூட்டில் இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் முதலில் கறையின் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஓடவிட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் வைத்து, என்சைம் உள்ள பவுடரோடு 40-இல் ஓட்டலாம். எண்ணெய் இளகவும் என்சைம் வேலை செய்யவும் அந்தச் சூடு போதும். சோப்பு பட்டதும் கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், காரத்தில் மஞ்சளின் குணம் அது. மிச்சத்தை ஈரத்தோடு வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். ரத்தம், பால், முட்டைக் கறைக்கும் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான்.

சாயத் துணிக்கு 40-கூட அதிகமாகலாம். மலிவான பருத்தித் துணிகள் சிலவற்றில் சாயம் நூலோடு வேதிப் பிணைப்பில்லாமல் சும்மா ஒட்டியிருக்கும். சூடு பட்டால் கழன்று வரும். உள்மடிப்பு ஓரத்தை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். நிறம் பிடித்தால் தனியாக, பச்சைத் தண்ணீரில். டி-ஷர்ட் சுருங்குவது வேறு கதை. பின்னும்போது இழுபட்ட நூல், தண்ணீரில் ஊறிச் சூட்டிலும் உருட்டலிலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. முதல் சில துவைப்பிலேயே பெரும்பகுதி சுருங்கிவிடும். கம்பளி மட்டும் சூட்டோடு உருட்ட உருட்டச் சிக்குப் பிடித்து இறுகும், அதை மீட்க முடியாது.

60 தேவைப்படுவது வெள்ளைத் துண்டு, படுக்கை விரிப்பு, நோயாளியின் துணி இவற்றுக்குத்தான். 15 லிட்டர் தண்ணீரை 25-இலிருந்து 60-க்கு ஏற்ற 0.6 யூனிட் பிடிக்கும். 40 என்றால் அதில் பாதிகூட ஆகாது. கரன்ட் கணக்கைவிட எங்கள் போர்வெல் தண்ணீர்தான் பெரிய வில்லன். சூடு ஏற ஏற அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டர் கம்பியில் படியும். கழற்றிய கம்பியின் மேல் முட்டை ஓடு போல வெள்ளைப் பொருக்கு இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, துணியில்லாமல் 60-இல் ஓட்டியிருந்தால் இவ்வளவு படிந்திருக்காது.

நண்பருக்குச் சொன்ன பதில்: அருமையான மெஷின், ஆனால் வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த மாதம், ரிப்பேர் பில் என் மேஜையில் இருக்கும்வரை.