ரீட் இண்டெக்ஸா, லீடர் லீஸா: வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் கிளஸ்டரில் நெடுநாள் அனுபவம்

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்டு முடிந்த தோல், லாட் லாட்டாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்குகளுக்கு வருகிறது. அந்த லாட்டுகளின் நிலையைக் காக்கும் மென்பொருளைச் சில ஆண்டுகளாக எங்கள் சிறு குழு பராமரித்து வருகிறது. வேலூர் சத்துவாச்சாரி, இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு சர்வர். மூன்றும் ஒரே தரவை வைத்திருக்கும்படி, ஒன்றை லீடராகவும் மற்ற இரண்டை ஃபாலோயர்களாகவும் கொண்டு இணைப்பது ராஃப்ட் நெறிமுறை. அதற்கு நாங்கள் பயன்படுத்துவது கோ மொழியில் எழுதப்பட்ட `go.etcd.io/raft` நூலகம். ஆம்பூரில் தரம் பார்ப்பவர் ஒரு லாட்டை "நிறுத்தி வை" என்று குறித்து, "பதிவாயிற்று" என்ற பதிலையும் பெற்றுவிட்டால், அதற்குப் பிறகு வேலூர் கிடங்கு வாசலில் கேட் பாஸ் அச்சிடும் நிரல் கேட்கும் கேள்விக்கு "அனுப்பலாம்" என்ற பழைய விடை வரக் கூடாது. லீனியரைசபிள் ரீட் என்று சொல்வது இந்த உறுதியைத்தான்.

இந்த உறுதியைப் பெறும் எளிய வழி, படிக்கும் கோரிக்கையையும் எழுதும் கோரிக்கையைப் போலவே ராஃப்டின் லாகில் ஒரு பதிவாகச் சேர்த்துப் பெரும்பான்மை முனைகளின் ஒப்புதலுக்கு அனுப்புவது. அது சரியான விடை தரும்; ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பெரும்பான்மை முனைகளின் வட்டில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். எங்களிடம் எழுதுவதைவிடப் படிப்பது பல மடங்கு அதிகம் என்பதால் அந்த வழியை நாங்கள் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டோம். ராஃப்டை வடிவமைத்த டியேகோ ஓங்காரோ 2014-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு இரண்டு மாற்றுகளை விளக்கியிருக்கிறார். அவற்றில் ரீட் இண்டெக்ஸ் எங்களிடம் நெடுங்காலமாக ஓடுகிறது. லீடர் லீஸைச் சோதனைக் கிளஸ்டரில் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தோம்.

ரீட் இண்டெக்ஸில், கேள்வி வந்ததும் லீடர் தன் கமிட் இண்டெக்ஸை, அதாவது பெரும்பான்மை ஏற்ற கடைசிப் பதிவின் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பிறகு ஃபாலோயர்களுக்கு ஹார்ட்பீட் என்னும் சிறு செய்தியை ஒரு சுற்று அனுப்பி, "இன்னும் நான்தான் லீடரா" என்பதைப் பெரும்பான்மையிடம் உறுதி செய்கிறது. உறுதியானதும், குறித்த இண்டெக்ஸ் வரையிலான பதிவுகள் தன் தரவுத்தளத்தில் ஏறும்வரை காத்திருந்து விடை தருகிறது. வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. புதிதாகத் தேர்வான லீடர் மட்டும், தன் டெர்மில், அதாவது தன் பதவிக்காலத்தில், ஒரு வெற்றுப் பதிவாவது கமிட் ஆகும்வரை எந்த விடையும் தரக் கூடாது. ஏனெனில் முந்தைய லீடர் எதுவரை கமிட் செய்தது என்பது அதற்கு முன் புதிய லீடருக்கு உறுதியாகத் தெரியாது.

செலவைப் பற்றி நாங்கள் முதலில் அஞ்சிய அளவுக்கு எதுவும் இல்லை. மூன்று முனைகளில் பெரும்பான்மை என்பது லீடரும் இன்னொன்றும் மட்டுமே. எனவே வேலூர் லீடராக இருக்கும்போது, அருகிலுள்ள இராணிப்பேட்டையின் பதில் முதலில் வந்துவிட்டால் ஆம்பூரின் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆம்பூர் இணைப்பு தடுமாறும் நாள்களிலும் படிக்கும் வேகம் குறைவதில்லை. மேலும், ஒரு ஹார்ட்பீட் சுற்று நடந்துகொண்டிருக்கையில் வந்து சேரும் கேள்விகள் அனைத்தையும் சேர்த்து அடுத்த ஒரே சுற்றில் உறுதி செய்யலாம். கேள்விகள் பெருகினால் சுற்றுகள் பெருகுவதில்லை, ஒரு சுற்று சுமக்கும் கேள்விகளே பெருகுகின்றன. ஒரு கேள்விக்குக் கூடுதலாக ஆவது எங்கள் இணைப்பில் மூன்று நான்கு மில்லிவினாடி.

எங்களுக்கு உண்மையில் தொல்லை தந்த தாமதம் வேறிடத்தில் இருந்தது. மாத இறுதியில் இருப்புக் கணக்கை மொத்தமாக ஏற்றும்போது படிக்கும் கோரிக்கைகள் சில நேரம் ஒரு வினாடிக்கு மேல் நின்றன. ஹார்ட்பீட் உறுதிக்கு ஆகும் நேரத்தையும், பதிவுகள் தரவுத்தளத்தில் ஏறக் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியாக லாகில் எழுதத் தொடங்கியதும் காரணம் தெளிந்தது: முதல் எண் எப்போதும் போலச் சிறியது, இரண்டாவது எண்தான் வீங்கியிருந்தது. இதே நூலகத்தின் மேல் ஓடும் etcd தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்கள் இதே பிரிவினையை `linearizableReadLoop` என்ற டிரேஸ் வரியில் காணலாம். `read index received` என்ற படியும், `applied index is now lower than readState.Index` என்ற படியும் தனித்தனி நேரத்தோடு வரும். இரண்டாவது படி நீண்டால் லீஸுக்கு மாறுவதால் எந்தப் பயனும் இல்லை. லீஸ் முறையிலும் அந்தக் காத்திருப்பு அப்படியே உண்டு. நாங்கள் ஏற்றும் தொகுதியைச் சிறிதாக்கினோம், தொல்லை தீர்ந்தது.

அப்படியானால் லீஸைச் சோதித்தது ஏன் என்றால், அந்த மூன்று நான்கு மில்லிவினாடியும் இல்லாமல் விடை தர முடியும் என்பதற்காகத்தான். லீஸின் தர்க்கம் இது: ஃபாலோயர்கள் லீடரிடமிருந்து செய்தி பெற்ற பின், தேர்தல் காலக்கெடு முடியும்வரை வேறு யாருக்கும் வாக்களிப்பதில்லை. எனவே பெரும்பான்மை பதிலளித்த ஒரு ஹார்ட்பீட் *அனுப்பப்பட்ட* நேரத்திலிருந்து, அந்தக் காலக்கெடுவைவிடச் சற்றுக் குறைவான நேரத்துக்கு வேறு லீடர் இருக்க முடியாது. பதில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் பிழை. ஃபாலோயரின் கடிகாரம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். டைகேவி (TiKV) என்னும் தரவுத்தளம் இந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. அதில் இயல்பான தேர்தல் காலக்கெடு 10 வினாடி, லீஸின் உச்சவரம்பு 9 வினாடி.

நாங்கள் பயன்படுத்தும் நூலகத்திலோ லீஸ் என்பது ஓர் அமைப்பு வரியை மாற்றுவதுதான்:

```go
c := &raft.Config{
    // ID, Storage, MaxInflightMsgs போன்ற மற்ற வரிகள் இங்கே விடப்பட்டுள்ளன
    ElectionTick:   10,
    HeartbeatTick:  1,
    CheckQuorum:    true,
    PreVote:        true,
    ReadOnlyOption: raft.ReadOnlyLeaseBased,
}
```

`CheckQuorum` இல்லாமல் இந்தத் தேர்வை நூலகம் ஏற்பதில்லை. ஆனால் இங்கே "லீஸ்" என்பது மேலே சொன்ன கணக்கு அன்று. லீடராக நீடிக்கும்வரை உடனே விடை கொடு என்பதே அதன் பொருள். பெரும்பான்மையை இழந்த லீடர் பதவி விலகுவது `CheckQuorum` சோதனையால். அந்தச் சோதனை, நூலகத்தின் நேர அலகான டிக்கில் சொன்னால், 10 டிக்குக்கு ஒரு முறைதான் நடக்கிறது; சென்ற சோதனைக்குப் பின் எப்போதாவது பெரும்பான்மையிடமிருந்து செய்தி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

ஒரு டிக் 100 மில்லிவினாடி என்று கொண்டு, எங்கள் சோதனையில் நடந்ததை எழுதிப் பார்க்கலாம். நேரம் 0-இல் வேலூர் லீடர் சோதனையில் தேறி, எந்த முனையிடமிருந்து செய்தி வந்தது என்ற குறிகளை அழிக்கிறது. 100-இல் இரு ஊர்களிலிருந்தும் ஹார்ட்பீட் பதில் வருகிறது, குறிகள் மீண்டும் விழுகின்றன. 110-இல் வேலூரின் இணைப்பைத் துண்டிக்கிறோம். நெடுஞ்சாலையோரம் பள்ளம் தோண்டுபவர்கள் கேபிளை அறுக்கும் வழக்கமான காட்சிதான் இது. 1000-இல் வேலூர் மீண்டும் சோதிக்கிறது; 100-இல் விழுந்த குறி இருப்பதால் தேறுகிறது. ஃபாலோயர்களின் காலக்கெடு 1000-க்கும் 2000-க்கும் இடையே தற்செயலாக அமையும். இராணிப்பேட்டைக்கு 1200 அமைந்ததால் அது 1300 அளவில் தேர்தலில் நிற்கிறது, ஆம்பூரும் தன் காத்திருப்பு முடிந்துவிட்டதால் வாக்களிக்கிறது. 1400-இல் ஆம்பூரில் வந்த "நிறுத்தி வை" புதிய லீடரின் கீழ் கமிட் ஆகிறது. வேலூரோ 2000-இல் நடக்கும் அடுத்த சோதனை வரை தன்னை லீடர் என்றே எண்ணி, அதே லாட்டுக்கு "அனுப்பலாம்" என்று விடை தருகிறது. 600 மில்லிவினாடி நேரம் ஒரே கேள்விக்கு இரண்டு ஊர்களில் இரண்டு உண்மைகள்.

அந்த இடைவெளியில் வேலூரில் எதையும் எழுத முடியாது, பெரும்பான்மை கிடைக்காது. எனவே தரவு கெடுவதில்லை. படித்ததை மட்டும் நம்பி நடக்கும் செயல்கள்தான் கெடுகின்றன. எங்கள் கேட் பாஸ் நிரல் அந்த வகை: படிக்கிறது, அச்சிடுகிறது, லாரி கிளம்பிவிடுகிறது. பிழைச் செய்தி எந்த லாகிலும் இருக்காது. இதைப் பிடிக்க, மூன்று முனைகளையும் அணுகும் கிளையண்டுகளை ஒரே இயந்திரத்திலிருந்து ஓட்டி (நேரங்கள் ஒரே கடிகாரத்தில் இருப்பதற்காக), ஒவ்வொரு கேள்வியும் தொடங்கிய, முடிந்த நேரங்களைப் பதிந்து, போர்க்குபைன் என்னும் லீனியரைசபிலிட்டி சோதிப்பானிடம் கொடுத்தோம். இணைப்பைத் துண்டிக்கும் நேரத்தை மாற்றி மாற்றி ஓட்டியதில், எல்லா ஓட்டத்திலும் அல்லாமல் சிலவற்றில் மட்டும் மீறல் சிக்கியது. துண்டிப்பு சோதனைக்கு உடனடிப் பின்னால் விழும்போதுதான் இடைவெளி அகலமாகிறது.

லீஸை நாமே சரியாகக் கணக்கிட்டு எழுதிவிட்டால் இது தீரும் என்பது உண்மை. அதையும் எழுதிப் பார்த்தோம். அதில் மிஞ்சியது கடிகாரம். எங்கள் சர்வர்கள் மெய்நிகர் இயந்திரங்கள். இரவு ஸ்னாப்ஷாட் எடுக்கையில் சில வினாடிகள் உறைகின்றன. எங்கள் அமைப்பில் kvm-clock என்னும் மெய்நிகர் கடிகாரம் பயன்படுகிறது. உறைந்திருக்கும் நேரம் அந்த இயந்திரத்தின் உள்ளே ஓடுவதே இல்லை. நான்கு வினாடி உறைந்து எழுந்த லீடர், தன் லீஸில் இன்னும் அரை வினாடி மிச்சமிருப்பதாகக் காண்கிறது. வெளியே தேர்தலே முடிந்துவிட்டது. புதிய டெர்மின் செய்தி வந்து சேர்ந்ததும் அது விலகிவிடும் என்பதால் இடைவெளி சிறியதுதான். ஆனால் உறைந்த நேரமெல்லாம் வாசலில் குவிந்த கேள்விகள் அந்தச் சிறு இடைவெளியில்தான் முண்டியடித்து நுழைகின்றன. அளவற்ற கடிகார நிறுத்தத்தில் இந்த முறை பாதுகாப்பல்ல என்று நூலகத்தின் குறிப்புரையே சொல்கிறது.

இங்கே ஒரு பொதுவான தவறான அச்சத்தையும் விலக்க வேண்டும். லீஸ் செல்லும் என்று பார்த்த பிறகு, தரவைப் படிப்பதற்கு முன், குப்பை சேகரிப்பால் நிரல் நின்றுவிட்டால் விடை பழையதாகிவிடுமே என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. ஆகாது. லீஸைப் பார்த்த கணத்தில் அந்தத் தரவு புதியது. அந்தக் கணம் கேள்வி வந்ததற்கும் விடை போனதற்கும் இடையே இருக்கிறது. லீனியரைசபிலிட்டி கேட்பது அவ்வளவே. கடிகாரம் சரியாக ஓடும்வரை நிரல் நிற்பதில் கேடில்லை. கடிகாரமே நிற்பதில்தான் கேடு.

மறுதொடக்கமும் கவனத்துக்குரியது. ஹார்ட்பீட்டுக்குப் பதில் சொன்ன ஃபாலோயர் உடனே விழுந்து எழுந்தால், தான் லீடரிடம் செய்தி பெற்றதை மறந்துவிடுகிறது. லீடரோடு தொடர்பிழந்த மற்ற முனைக்கு லீஸ் முடியும் முன்பே வாக்களித்துவிடலாம். எழுந்த முனை ஒரு முழுத் தேர்தல் காலக்கெடு வரை வாக்களிக்காமல் இருக்க வேண்டும். அதேபோல் பதவியை வேறு முனைக்கு மாற்றித் தரும்போது, புதிய முனை காலக்கெடுவுக்குக் காத்திராமல் தேர்வாகிவிடும் என்பதால், மாற்றும் செய்தியை அனுப்புமுன் பழைய லீடர் தன் லீஸைக் கைவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, உற்பத்திக் கிளஸ்டரில் ரீட் இண்டெக்ஸைக் குறிக்கும் `ReadOnlySafe` வரியை மாற்றாமல் விட்டோம். உறைந்து எழுந்த லீடர் ரீட் இண்டெக்ஸில் ஹார்ட்பீட் அனுப்பியதும் உயர்ந்த டெர்ம் கொண்ட பதில் வரும், அது விலகும், கிளையண்ட் இராணிப்பேட்டையிடம் மீண்டும் கேட்கும், கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. முனைகள் மும்பைக்கும் சென்னைக்குமாகப் பிரிந்து, ஒவ்வொரு சுற்றும் பல பத்து மில்லிவினாடி தின்னும் நிலையில், உறையாத நேரடி இயந்திரங்களும் கையில் இருந்தால் லீஸை எழுதுவது தகும். கிடங்கின் சுவரில் தொங்கும் இருப்புப் பலகைக்கு மட்டும் அருகிலுள்ள முனையின் தரவை எந்த உறுதியும் கேட்காமல் படிக்கிறோம். அது ஒரு வினாடி பழையதாக இருப்பதால் எந்த லாரியும் கிளம்பிவிடுவதில்லை.