தஞ்சாவூர்ல "கிரிப்டோ ஏடிஎம்"னு போர்டு பாத்து கேஷ் எடுத்துட்டு போறவங்க இத படிச்சுட்டு போங்க

டெல்டா பக்கம் இப்ப அங்கங்க ஒரு போர்டு தொங்குது. கிரிப்டோ ஏடிஎம், ஓடிசி டெஸ்க், கேஷ் குடுத்தா உடனே காயின், கமிஷன் இல்ல, கேஒய்சி இல்லன்னு எழுதிருக்காங்க. ஓடிசின்னா எக்ஸ்சேஞ்ச் மார்க்கெட்ல போகாம நேரா பேசி வாங்குறது. மன்னார்குடியில இருக்கிற என் மச்சான் சம்பா வித்த பணத்துல கொஞ்சம் யுஎஸ்டிடி, அதான் டாலர் விலைய ஒட்டியே ஓடுற காயின், வாங்கணும்னு நின்னாரு. எக்ஸ்சேஞ்ச் ஆப்ல வாங்கிக்கலாம் மச்சான்னு சொன்னா, அதுல ஆதார் குடு பான் குடு செல்ஃபி எடுன்னு உயிர வாங்குறான், தஞ்சாவூர்ல மெஷின் வந்திருக்காம், நோட்ட போட்டா வந்துருமாம்னு என்னையும் இழுத்துட்டு போனாரு. கடை பேரு சொல்லல, கேஸு கீஸுன்னு எனக்கு நேரம் இல்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கணக்கோட சொல்றேன், அந்த கணக்குதான் முக்கியம்.

மொதல்ல அது மெஷினே இல்ல. நிக்க வெச்ச ஒரு பெட்டி, அதுல ஒரு டேப்லட், கீழ பஸ் கண்டக்டர் வெச்சிருக்கிற மாதிரி ஒரு குட்டி பில் பிரிண்டர், அவ்வளவுதான். நோட்டு உள்ள போற வாயே கிடையாது. பணத்த கவுன்டர்ல உக்காந்திருக்கிற தம்பி வாங்கி எண்ணி, அவன் போன்லேந்து அவன் வாலட்ல இருக்கிற காயின அனுப்புறான். அப்ப அது ஏடிஎம் இல்ல, பெட்டி வெச்ச புரோக்கர். நான் பெட்டிய சுத்தி சுத்தி பாக்குறத பாத்து மச்சான் கைய புடிச்சு உக்கார வெச்சுட்டாரு.

மச்சான் குடுத்தது 1,50,000 ரூபாய். ரேட்டு என்னன்னு கேட்டா "96ண்ணே, கமிஷன் ஜீரோ"ன்னான். என் போன்ல அதே நேரம் எக்ஸ்சேஞ்ச் ஆப்ல யுஎஸ்டிடி 90 ரூபாய் ஓடிட்டு இருந்துச்சு. இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், கூகுள்ல வர்ற டாலர் ரேட்ட வெச்சு ஒப்பிடக்கூடாது, நம்மூர்ல யுஎஸ்டிடி பெரும்பாலும் டாலர விட கொஞ்சம் கூடத்தான் விக்கும், அதனால எக்ஸ்சேஞ்ச்ல அந்த நிமிஷம் என்ன ரூபாய்க்கு விக்குதோ அதத்தான் பாக்கணும். அப்படி பாத்தாலும் காயினுக்கு 6 ரூபா மேல. அதுக்கு மேல 1 பர்சென்ட் டிடிஎஸ்னு 1,500 ரூபாய கழிச்சான். மிச்சம் 1,48,500. அத 96ஆல வகுத்தா 1546.87 வருது, அதுலேந்து "நெட்வொர்க் பீஸ்"னு 10 யுஎஸ்டிடி. கடைசியா மச்சான் வாலட்ல வந்து விழுந்தது 1536.87.

90 ரூபாய் கணக்குல பாத்தா 1,50,000க்கு 1666 காயின் வரணும். கிட்டத்தட்ட 130 காயின் காணோம். ரூபாயில 11,700க்கு பக்கம், அதாவது நூத்துக்கு எட்டு ரூபாய் போச்சு, அதுவும் கமிஷன் ஜீரோன்னு போர்டு போட்ட கடையில. பதிவு செஞ்ச எக்ஸ்சேஞ்ச்ல அர பர்சென்ட் பீஸ், அந்த பீஸுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டின்னு வெச்சுக்கிட்டாகூட 900 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும், காயின வெளிய எடுக்கிற சார்ஜ் தனியா கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

இதுல எனக்கு வயிறு எரிஞ்சது ரேட்டுக்கு இல்ல, அந்த டிடிஎஸ்க்குத்தான். ரேட்டு அவன் சொன்னான் மச்சான் தலையாட்டினாரு, சரி வியாபாரம். டிடிஎஸ் அப்படி இல்ல. 2022 ஜூலைலேந்து வருமான வரிச் சட்டத்துல 194எஸ்னு வந்த அந்த 1 பர்சென்ட், காயின விக்கிறவனுக்கு போற பணத்துலேந்து பிடிக்கிறது. வாங்குறவன் தலைல விழுற செலவே இல்ல அது. எக்ஸ்சேஞ்ச்ல பாருங்க, ரூபாய் போட்டு காயின் வாங்குனா டிடிஎஸ் பிடிக்க மாட்டான், வித்தாத்தான் பிடிப்பான். இங்க விக்கிறது கடைக்காரன், பிடிச்சா அவனுக்கு போற பணத்துலதான் பிடிச்சிருக்கணும், இவன் வாங்க வந்தவன்கிட்டயே டிடிஎஸ்னு சொல்லி 1,500 எடுத்து பையில போட்டுக்கிட்டான். பிடிச்சத கவர்மென்ட்டுக்கு கட்டணும்னா மச்சானோட பான் நம்பர் வேணும்ல, அதையே கேக்கலயே! டிடிஎஸ்னு உங்க பேர்ல எவனாவது பணம் பிடிச்சா, கொஞ்ச நாள் கழிச்சு ஐடி போர்ட்டல்ல உங்க பேர்ல பிடிச்ச வரியெல்லாம் காட்டுற 26ஏஎஸ்ஸ தொறந்து பாருங்க, அதுல அந்த வரவு இல்லன்னா அது வரி இல்ல, வழிப்பறி.

நெட்வொர்க் பீஸும் அதே கதைதான். காயின் வந்தது டிரான்ங்கிற நெட்வொர்க்ல, அதுல நடக்கிறத எல்லாருக்கும் காட்டுற டிரான்ஸ்கேன் சைட்ல மச்சானோட வாலட் அட்ரஸ போட்டு அந்த டிரான்ஸாக்ஷன தொறந்தேன், அதுல அனுப்புனவன் உண்மையில கட்டுன பீஸ் அந்த நெட்வொர்க்கோட சொந்த காயினான டிஆர்எக்ஸ் கணக்குல அப்படியே இருக்கு, டாலரா மாத்தினா ரெண்டு டாலர்கூட வரல. இவன் பிடிச்சது பத்து. இத யாரு வேணா பாக்கலாம், மறைக்க முடியாது, ஆனா கவுன்டர்ல நிக்கிறப்ப யாரு பாக்குறா.

சரி, உண்மையான மெஷின் எப்படி இருக்கும்னு கேப்பீங்க. என் தங்கச்சி பையன் மெல்போர்ன்ல படிக்கிறான், அங்க ஷாப்பிங் சென்டர்ல நிஜமாவே இருக்கு, அவன் ஒரு தடவை போட்டு பாத்தத சொன்னான். மொதல்ல போன் நம்பர் குடுக்கணும், ஓடிபி வரும், அப்புறம் ஐடி கேக்கும், வாலட்டோட க்யூஆர மெஷின் கேமராவுல காட்டணும், நோட்ட ஒண்ணொண்ணா உள்ள விடணும். நோட்டு உள்ள போயிருச்சுன்னா பெரும்பாலும் திரும்பாது, வாங்கியே ஆகணும், அதனால ரேட்டு ஸ்கிரீன்ல வர்றதுக்கு முன்னாடி நோட்டு போடக்கூடாதுன்னான். அவன் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் போட்டான். ஸ்கிரீன்ல பீஸ் 5 டாலர்னு பெருசா காட்டுச்சு. பரவாயில்லயேன்னு பாத்தா, அன்னைக்கு வெளிய பிட்காயின் ஒன்றரை லட்சம் டாலர், மெஷின்ல ரேட்டு ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம். 995 டாலருக்கு 0.00603 பிட்காயின் வந்துச்சு, வெளி ரேட்டுக்கு அது 904 டாலர். 5 டாலர் பீஸ்னு எழுதிட்டு 95 டாலருக்கு மேல எடுத்துருச்சு. திருட்டுன்னு சொல்ல முடியாது, ஸ்கிரீன்ல ரேட்டு இருந்துச்சு, ஆனா பீஸ்ங்கிற எழுத்துக்கு கீழ இல்ல.

அதனால மெஷினோ டெஸ்க்கோ, பீஸ் எவ்வளவுன்னு கேக்கவே கேக்காதீங்க. நான் இவ்வளவு கேஷ் குடுத்தா என் வாலட்ல எத்தன காயின் வந்து விழும்னு மட்டும் கேளுங்க. அந்த காயின எக்ஸ்சேஞ்ச் ரேட்டால பெருக்கி, குடுத்த கேஷ்லேந்து கழிங்க. அதான் பீஸ். வெளிநாட்டு மெஷின்கள்ல இப்படி கணக்கு போட்டா நூத்துக்கு பத்து பதினஞ்சு சாதாரணம், இருவதுக்கு மேலயும் போகும்.

லிமிட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியாவுல 2025 ஜூன்ல ஒரு தடவைக்கு 5,000 டாலர்தான் கேஷ்னு அரசாங்கமே உச்சவரம்பு வெச்சாங்க, வயசானவங்கள போன்ல மிரட்டி மெஷினுக்கு அனுப்புற மோசடி அவ்வளவு நடந்துச்சு. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல ஒரு நாளைக்கு ஆயிரம் டாலர், பீஸும் 5 டாலர் இல்லன்னா 15 பர்சென்ட், இதுல எது பெருசோ அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டம். சிங்கப்பூர்ல 2022 ஜனவரியிலயே மெஷின எல்லாம் எடுக்க வெச்சுட்டாங்க, அதனால சிங்கப்பூர்ல மாமா இருக்காரு மெஷின்ல வாங்கி அனுப்புவாருன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. நம்ம நாட்டுல 2018ல பெங்களூர்ல ஒரு மால்ல ஒரு எக்ஸ்சேஞ்ச் மெஷின் வெச்சு, போலீஸ் வந்து தூக்கிட்டு போய் ஆளயும் அரெஸ்ட் பண்ணாங்க, அது பேப்பர்ல எல்லாம் வந்தது.

தஞ்சாவூர் கடையிலயும் லிமிட் உண்டு. "ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 1,90,000 தாண்ணே, மேல வேணும்னா அண்ணி பேர்ல போட்டுக்கலாம்"னான். கம்பெனி ரூல்ஸ் மாதிரி பேசுனான். ஒருத்தர்கிட்டேந்து ஒரே நாள்ல ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல இருக்கு, மீறுனா வாங்குன அளவுக்கே வாங்குனவனுக்கு பெனால்டி. அவன் தன்ன காப்பாத்திக்க வெச்ச லிமிட் அது, உங்கள காப்பாத்த இல்ல. பொண்டாட்டி பேர்ல புள்ள பேர்ல பிரிச்சு போடச் சொல்றான்னாலே கெளம்பிருங்க.

நிஜமான ஓடிசி டெஸ்க் வேற ஆளு. அது பெரிய தொகை வாங்குறவங்களுக்கு, மார்க்கெட்ல ஒரேயடியா வாங்குனா ரேட்டு ஏறிருங்கிறதுக்காக தனியா பேசி வாங்குற இடம். பெரிய டெஸ்க்ல பல இடத்துல 50,000, 1 லட்சம் டாலருக்கு கீழ பேசவே மாட்டாங்க. அங்கயும் கமிஷன்னு தனியா இருக்காது, சொல்ற ரேட்டுக்குள்ளயே அவங்க லாபம், அந்த ரேட்டும் சில வினாடிதான் நிக்கும். கேஒய்சி கட்டாயம், உங்க பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுன்ட்லேந்துதான் பணம் போகணும், கேஷ் தொட மாட்டாங்க. இந்தியாவுல 2023 மார்ச்லேந்து இந்த வேலை செய்றவங்க பணமோசடி தடுப்பு சட்டத்துக்குள்ள வந்துட்டாங்க, எஃப்ஐயுங்கிற மத்திய அரசோட நிதி உளவுப் பிரிவுல பதிவு பண்ணிருக்கணும். பதிவு நம்பர் என்னன்னு நான் கேட்டதுக்கு அந்த தம்பி ஜிஎஸ்டி சர்ட்டிபிகேட்ட எடுத்து காட்டுறான், அதுல தொழில்னு போட்டிருக்கிறது மொபைல் ரீசார்ஜ்.

பில்லு கேட்டதுக்கு அந்த குட்டி பிரிண்டர்லேந்து ஒரு துண்டு சீட்டு வந்துச்சு, "சர்வீஸ் - பெய்டு"ன்னு மட்டும், தொகை இல்ல, காயின் இல்ல. நாளைக்கு மச்சான் வித்தா லாபத்துக்கு 30 பர்சென்ட் வரி, கழிக்க விடுறது வாங்குன விலை ஒண்ணத்தான். வாங்குன விலைக்கு காகிதமே இல்லன்னா மொத்த தொகையுமே லாபம்னு ஆபீசர் சொன்னா என்ன பதில் இருக்கு. ஏற்கனவே இப்படி கடையில வாங்குனவங்க பேங்க்ல கேஷ் எடுத்த என்ட்ரி, டிரான்ஸாக்ஷன் ஐடி, அந்த நேரத்து எக்ஸ்சேஞ்ச் ரேட்டு ஸ்கிரீன்ஷாட், கடைக்காரன் வாட்ஸ்அப்ல ரேட்டு சொன்ன மெசேஜ், எல்லாத்தயும் அழிக்காம எடுத்து வைங்க.

திரும்ப போய் 194எஸ்ஸ போன்ல எடுத்து காட்டினப்ப அந்த தம்பி முதலாளிக்கு போன் போட்டான், முதலாளி "குடுத்து அனுப்புடா"ன்னாரு, 1,500 கைக்கு வந்துச்சு. நெட்வொர்க் பீஸ பத்தி கேட்டா சிஸ்டம் போடுதுண்ணேன்னான், ரேட்ட பத்தி கேட்டா நீங்க ஒத்துக்கிட்டதுதானேன்னான். மச்சான் 1930ங்கிற சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்தாரு, சைபர் கிரைம்லேந்து பேசுனவரு கேஷ் குடுத்ததுக்கு ரசீது இருக்கான்னு கேட்டாரு, துண்டு சீட்ட போட்டோ எடுத்து அனுப்பிருக்கோம், பதில் வந்தா இங்கயே சொல்றேன்.