மார்கழி விடியலுக்கு ஒரு பாட்டு: திருகோணமலையில் எந்த வரிசை பொருந்தும்?

எங்கள் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு, மார்கழி முழுவதும் காலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டு ஒலிப்பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எந்தப் பாட்டை எந்த நாளில் அனுப்புவது என்பதில்தான் முதல் வருடமே தவறினோம்.

ஒரு நாளுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மிக இயல்பாகப் பொருந்துவது திருப்பாவைதான். முப்பது பாட்டும் ஒரே கதை. நாலாம் நாள் "ஆழிமழைக் கண்ணா", இருபத்தேழாம் நாள் "கூடாரை வெல்லும்" என்று நாளும் பாட்டும் ஒன்றாகவே நினைவில் நிற்கும். மார்கழி பெரும்பாலும் 29 நாள்தான் வரும் என்பதால், அந்த வருடங்களில் கடைசி நாளில் இரண்டு பாட்டு பாட வேண்டும். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் போகும் சிவன் கோயில்களில் அந்த நாட்களில் ஒலிப்பது திருவெம்பாவை. வீட்டில் ஒன்று, கோயிலில் ஒன்று என்றால் இரண்டும் அரைகுறையாகத்தான் மனதில் பதியும்.

அதனால் தமிழ்நாட்டு வழக்கத்தை எடுத்தோம். முதல் இருபது நாள் திருவெம்பாவை, பிறகு பத்து நாள் திருப்பள்ளியெழுச்சி. இரண்டும் மாணிக்கவாசகர் பாடியவை. இருபதாம் பாட்டு "போற்றி" என்று தொடங்கும். அடுத்த நாள் பள்ளியெழுச்சியும் "போற்றி என் வாழ்முதல்" என்றே தொடங்கும். கேட்பவருக்கு ஒட்டுத் தெரியாது.

நாங்கள் தவறவிட்டது திருவாதிரையை. இங்கே திருவெம்பாவை மாதம் முழுக்கப் பாடுவதல்ல. திருவாதிரையோடு முடியும் பத்து நாள் பூசை அது. ஒவ்வொரு விடியலும் இருபது பாட்டும் ஓதி, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தீபம் காட்டுவார்கள். திருவாதிரையோ நட்சத்திரக் கணக்கு. ஆகவே மார்கழித் திகதியில் அது ஒரே இடத்தில் நிற்காது. 2023இல் அது டிசம்பர் 27, அதாவது மார்கழி 11. அன்று காலை எங்கள் ஒலிப்பதிவில் போனது பதினோராம் பாட்டு, "மொய்யார் தடம்பொய்கை". கோயிலில் பூசை நிறைவாகி வெளியே வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "பிள்ளை, அங்க இருபதும் முடிஞ்சுது. நீங்கள் இப்பதானே பொய்கையில இறங்குறியள்?" எனக்குப் பதில் இல்லை.

அடுத்த வருடம் அதே வரிசை அழகாகப் பொருந்தியது. திருவாதிரை 2025 ஜனவரி 13, மார்கழியின் கடைசி நாள். கோயிலில் பூசை தொடங்கிய மார்கழி 20 அன்று நாங்கள் இருபதாம் பாட்டையும் பள்ளியெழுச்சியின் முதற்பாட்டையும் சேர்த்து அனுப்பினோம். அன்றிலிருந்து பத்து நாள், பள்ளியெழுச்சி கேட்டு எழுந்து, கோயிலுக்குப் போய் இருபதையும் பிள்ளைகள் பாடினார்கள். அப்போதுதான் விளங்கியது: பூசை நடக்கும் பத்து நாளுக்கும் வீட்டில் ஒலிக்க ஏற்றது பள்ளியெழுச்சியின் பத்துப் பாட்டு. துயில் எழுப்பும் பாட்டை எழும் நேரத்தில்தானே கேட்க வேண்டும்?

ஆகவே மூன்றாவது வழி, திருவாதிரையை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுவது. 2025 டிசம்பர் 16இல் பிறந்த மார்கழிக்கு அப்படித்தான் செய்தோம். திருவாதிரை ஜனவரி 3, பூசைத் தொடக்கம் டிசம்பர் 25. அதற்கு முன் ஒன்பது நாள் இருந்தன. திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாட்டு தோழியரை எழுப்புவது, ஒன்பதாவது "முன்னைப் பழம்பொருட்கும்" என்ற வேண்டுதல். அந்த ஒன்பதும் அந்த ஒன்பது நாளுக்குச் சரியாக அமைந்தன. பிறகு பத்து நாள் பள்ளியெழுச்சி. திருவாதிரை முடிந்து தைப்பொங்கல் வரை, சம்பந்தர் எங்கள் மலையைப் பாடிய பதிகம். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்ற அடியை, அந்தக் கடல் இரையும் ஊரிலேயே இருந்து பாடும்போது பிள்ளைகளுக்கு உரை சொல்லத் தேவையில்லை.

திருவாதிரை முந்தி வரும் வருடத்தில் இது தடுமாறும். 2023 போல என்றால் பூசைக்கு முன் ஒரே ஒரு நாள்தான் மிஞ்சும். அப்போது திருவெம்பாவையைக் கார்த்திகைக் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். மார்கழிக்கு வெளியே போவதைச் சிலர் ஏற்கமாட்டார்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. பதினாறாம் பாட்டு, "முன்னிக் கடலைச் சுருக்கி எழுந்து", மேகத்தைப் பார்த்துப் பொழியச் சொல்வது. வாடைக்காற்று மழையில் ஊரே நனைந்திருக்கும்போது அதை அனுப்ப எனக்கு ஆசை. இந்த வரிசையில் அதற்கு நாள் கிடைக்கவில்லை. கோயில் மண்டபத்தில், தகரத்தில் மழை விழ, பத்து விடியலும் அதைக் கேட்டோம்.