தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதீர்கள்

நான்-ஸ்டிக் தவா உரிந்துவிட்டது, அடுத்து இரும்பா எவர்சில்வரா என்று தோழி ஒருவர் கேட்டார். தோசைக்கு வார்ப்பிரும்புக் கல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கனமான கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், குளிர்ந்த மாவு விழுந்தாலும் சட்டென்று ஆறாது. ஓரம்வரை அப்படி முறுகும் தோசை நான்-ஸ்டிக்கில் வராது.

எரிச்சல் ஒன்றே ஒன்று. ராத்திரி அதே கல்லில் சப்பாத்தி போட்டால், காலையில் தோசை எழும்பாது. தோசைக்கல்லின் வழுவழுப்பு என்பது எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த மெல்லிய படலம். சப்பாத்திக்குக் கல்லை எண்ணெயில்லாமல் நன்றாகக் காயவிடுகிறோம். அதில் படலம் கருகித் தேய்கிறது, உதிர்ந்த மாவும் தீய்ந்து ஒட்டிக்கொள்கிறது. தோசையின் நடுவில் மட்டும் பிய்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரிசெய்ய, கல்லுப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். அரை ஸ்பூன் எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. எண்ணெய் கூடினால் பிசுபிசுப்பாகத்தான் படியும், அதிலும் தோசை ஒட்டும். சப்பாத்திக்கு மெல்லிய இரும்புத் தவா ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

எவர்சில்வர் வாணலியில் ஒட்டுவது வேறு கதை. வெறும் வாணலியைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது ஆவியாகாமல் முத்தாக உருண்டோடினால் சூடு சரி. தீயைக் குறைத்து எண்ணெய் விட்டு, உருளைக்கிழங்கைப் போட்டு, அடி சிவக்கும்வரை கிளறாமல் விட்டால் தானாகவே விடும். தோசைக்கல்லில் அதே முத்து ஓடினால் சூடு அதிகம், மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தெளித்த தண்ணீர் சொய்யென்று சத்தம் போட்டு உடனே வற்ற வேண்டும்.

நான்-ஸ்டிக்கைக் குறை சொல்லுமுன் ஒன்று: ஆம்லெட்டுக்கு அது அருமை. ஆனால் வெறுமனே பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260 டிகிரியைத் தாண்டி, பூச்சு சிதையத் தொடங்கும். கடுகு தாளிக்கவும் வறுக்கவும் தினமும் தீயைக் கூட்டி வைக்கும் வீட்டில் அது நெடுநாள் நிற்காது.

இரும்பை இவ்வளவு மெச்சினாலும், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அடிகனமான, மூன்று உலோக அடுக்குகள் கொண்ட ட்ரை-பிளை எவர்சில்வர் வாணலியையே வாங்குங்கள். வத்தக்குழம்பும் தக்காளித் தொக்கும் வாரம் முழுக்க வைக்கிறோம். இரும்பில் புளி கொதித்தால் படலம் கரைந்து, குழம்பு கறுத்து, நாக்கில் இரும்பு வாடை நிற்கும். எவர்சில்வரில் அந்தக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் ராத்திரிவரை வைத்திருந்தாலும் ருசி மாறாது.