250 கேவிஏ ஜெனரேட்டரா, 500 கேவிஏவா? ஒரே ஒரு பம்ப் கிளப்பும் கேள்வி

விளக்கு, கம்ப்யூட்டர் வகையில் 60 கிலோவாட் லோடு. கூடவே ஒரு 75 கிலோவாட் தண்ணீர் பம்ப். ஓடும்போது சுமார் 80 கிலோவாட் இழுக்கும். மொத்தம் 140. 250 கேவிஏ ஜெனரேட்டர் 200 கிலோவாட் தருமே, போதாதா? ஓடுவதற்குப் போதும். பம்ப் கிளம்பும்போதுதான் வம்பு.

ஓடும்போது இந்த மோட்டாருக்கு 92 கேவிஏ. டிஓஎல் ஸ்டார்ட்டரில் நேரடியாகக் கிளப்பினால் அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 550 கேவிஏ கேட்கும். ஆல்டர்னேட்டரின் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ், அதாவது திடீர் கரன்ட்டுக்கு அதன் உள்ளே எழும் தடை, 20 சதவீதம் என்று வைத்தால், 250 கேவிஏ மெஷினில் வோல்டேஜ் சுமார் 30 சதவீதம் சரியும். அந்தச் சரிவில் மோட்டாரை சப்ளையோடு இணைக்கும் கான்டாக்டர்கள் விடுபட்டுக்கொள்ளக்கூடும். பம்ப் கிளம்பாமல் விளக்குகள் சிமிட்டினால் காரணம் இதுதான்.

தப்பிக்க இரண்டு வழி. 500 கேவிஏ வாங்கினால் சரிவு 18 சதவீதமாகக் குறையும். 250 கேவிஏவையே வைத்துக்கொண்டு, கரன்ட்டை மூன்று மடங்கில் நிறுத்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டாலும் அதே 18 சதவீதம்தான்.

நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பம்ப் ஓடாத நேரத்தில் 500 கேவிஏ இன்ஜின் வெறும் 15 சதவீத லோடில் உறுமிக்கொண்டிருக்கும். எரியாத டீசலும் கரியும் புகைபோக்கியில் ஈரமாகப் படியும். ஆனால் ஒன்று: கரன்ட் பாதியானால் முறுக்குவிசை கால்பங்காகிவிடும். சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கு அது போதும். சரக்கோடு நிற்கும் கன்வேயருக்கு, ம்ஹூம், போதாது.

பம்பை முதலில் கிளப்பிவிட்டு மற்ற லோடைப் பின்னால் சேர்க்கலாமே என்பார்கள். மின்வெட்டு வந்த முதல் நிமிடத்துக்கு அது சரி. லெவல் சுவிட்ச் பம்பை மறுபடி ஓட்டும்போது எல்லா லோடும் ஏற்கெனவே மேலே இருக்குமே.

அடுத்து டீசல். 140 கிலோவாட்டுக்கு மணிக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரு நாளுக்கு 960. அடி வண்டலையும் மேல் இடைவெளியையும் சேர்த்து 1,100 லிட்டர் டேங்க் வேண்டும். ஒரே டேங்காக வைத்தால் டீசல் ஏற்றும் பம்பும் ஃப்ளோட்டும் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமில்லை. இன்ஜினிலிருந்து சூடாகத் திரும்பும் டீசலையும் பெரிய டேங்க் ஆற்றிக்கொள்ளும். இன்ஜின் பக்கத்தில் இடம் இருந்தால் இதுதான் நல்லது.

இடம் இல்லையென்றால் வெளியே பெரிய டேங்க், உள்ளே இன்ஜினுக்கு நேரடியாக ஊட்டும் 400 லிட்டர் டே டேங்க். அது பாதிக்கு இறங்கியதும் வெளி டேங்கிலிருந்து டீசல் ஏற்றும் டிரான்ஸ்ஃபர் பம்ப் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் மீதி 200 லிட்டரில் ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். லோ லெவல் அலாரமும் கைப்பம்பும் அதற்குத்தான்.

ஓர் இடத்தில் அந்த டிரான்ஸ்ஃபர் பம்புக்கான ஒயர் ஜெனரேட்டர் சப்ளை வராத பேனலிலிருந்து வந்திருந்ததைப் பார்த்தேன். மாதாந்திர 15 நிமிட ஓட்டத்தில் டே டேங்க் பாதிக்கு இறங்காது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மெயின் சப்ளையை ஆஃப் செய்து, டே டேங்கைப் பாதிக்குக் கீழே வடித்துப் பார்த்தால்தான் தெரியும்.