முட்டிவலிக்கு ஹையலூரானிக் மாத்திரை: ரூ.11,100 கொடுத்து ஏமாந்தோம்

போன வருஷம் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஹாலில் இலவச எலும்பு பரிசோதனை முகாம் போட்டார்கள். அம்மாவுக்கு 72 வயது. முட்டி தேய்மானம் இரண்டாம் நிலை என்று எக்ஸ்ரேயில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க முட்டிக்குள்ள எண்ணெய்ப்பசை வறண்டு போச்சு. இதைச் சாப்பிட்டா மூணு மாசத்துல மாடிப்படி ஏறிடுவீங்க" என்று முகாமில் இருந்த ஒரு பையன் ஹையலூரானிக் ஆசிட் மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்தான். மூட்டிலும் சருமத்திலும் இயல்பாகவே இருக்கும் வழவழப்பான பொருள் அது. என் முகத்தைப் பார்த்து, "அக்கா, சுருக்கத்துக்கும் இதேதான்" என்றான். முப்பது மாத்திரை ரூ.1,850. அம்மாவுக்கு நாலு மாதம், எனக்கு ரெண்டு மாதம், ஆக ஆறு டப்பா வாங்கினோம்.

நாலு மாதம் கழித்தும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். அப்போதுதான் டப்பாவை ஒழுங்காகப் படித்தேன். முன்பக்கம் பெரிதாக 500 மி.கி. பின்பக்கம் பொடி எழுத்தில் ஹையலூரானிக் ஆசிட்டின் உப்பு வடிவமான சோடியம் ஹையலூரனேட் 50 மி.கி., மீதி கொலாஜனும் வைட்டமின் சி-யும். அதற்கும் கீழே, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஒரு வரி. சத்து மாத்திரை என்ற பெயரில் விற்பதால் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். முகாமில் ஒருவர்கூட அதை வாய்திறந்து சொல்லவில்லை.

டப்பாவோடு வந்த நோட்டீஸில் "ஜப்பானில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. அது 2012-ல் வெளியான ஆய்வு, தேடிப் படித்தேன். முட்டி தேய்மானம் உள்ள 60 பேருக்கு ஒரு வருடம் நடந்தது. ஒரு குழுவுக்குத் தினமும் 200 மி.கி. ஹையலூரானிக் ஆசிட், இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆனால் இரண்டு குழுவும் தினமும் தொடைத் தசைக்கான உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்பது ஆய்வின் நிபந்தனை. முடிவில் இரண்டு குழுவுக்குமே வலி குறைந்திருக்கிறது. போலி மாத்திரையைவிட நிஜ மாத்திரை தெளிவாக முந்தியது, 70 வயது வரை உள்ளவர்களிடம், இரண்டாவது மாதத்திலும் நாலாவது மாதத்திலும் மட்டும்தான்.

இதை அம்மாவோடு பொருத்திப் பாருங்கள். அவர் வயது 72. அவர் விழுங்கியது அந்த அளவில் கால்பங்கு. 200 மி.கி. எட்ட வேண்டுமானால் தினம் நாலு மாத்திரை, மாதம் ரூ.7,400 ஆகும். அந்த ஆய்வில் எல்லோருமே செய்த, காசில்லாத உடற்பயிற்சியைப் பற்றி நோட்டீஸில் ஒரு சொல் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

விழுங்கும் ஹையலூரானிக் ஆசிட் அப்படியே முட்டிக்குப் போய் எண்ணெய் போடுவதில்லை. அது மிகப் பெரிய மூலக்கூறு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. அவ்வளவு ஏன், நேரடியாக முட்டிக்குள் ஊசியாகப் போட்டாலும் பெரிய பலனில்லை. 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வந்த அலசலில், போலி ஊசியைவிட வலி கூடுதலாகக் குறைந்த அளவு நோயாளி உணரும் அளவுக்குக்கூட இல்லை என்று தெரிந்தது.

சருமக் கதையும் இப்படித்தான். கண்ணோரச் சுருக்கம் உள்ள 60 ஜப்பானியர்களுக்கு மூன்று குழுவாக, இரண்டு குழுவுக்கு தினம் 120 மி.கி. வீதம், 12 வாரம் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வு இருக்கிறது. ஒரு வகை ஹையலூரானிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்குச் சுருக்கம் அளவீட்டில் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் சருமப் பளபளப்பும் மென்மையும் போலி மாத்திரைக் குழு உட்பட எல்லோருக்கும் கூடியிருந்தது. ஆய்வைச் செய்தவர்களும் ஹையலூரானிக் ஆசிட் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நான் இரண்டு மாதம் 50 மி.கி. சாப்பிட்டதில் கண்ணாடியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வறண்ட சருமத்துக்கு இப்போது, குளித்து ஈரம் காய்வதற்குள் கைகால்களில் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட சருமம் உள்ள 34 பேரிடம் சோதித்து, மினரல் ஆயிலுக்குச் சமமாக அது வேலை செய்கிறது என்று கண்டார்கள். முகத்துக்குக் காலையில் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் நாலரை வருடம் தினமும் பூசியவர்களுக்குச் சரும முதுமை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததை 2013-ல் வெளியிட்டார்கள்.

அம்மாவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனேன், ஒருமுறைக்கு ரூ.400. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. அடுத்து, படுத்துக்கொண்டு முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்த வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் செய்கிறார். வலி அதிகமான நாளில் மட்டும் டாக்டர் எழுதிய டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுகிறோம், ஒரு டியூப் ரூ.110. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் அதைக்கூடக் கேட்டுத்தான் தொடங்கினோம். மூன்றாவது மாதம் கைப்பிடியை விட்டுவிட்டு நாலு படி இறங்கினார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் கோயிலுக்கு நடக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "முகாம் விலைக்கு ரிட்டர்ன் கிடையாது மேடம்" என்றார்கள். பில் கேட்டு வாங்கியிருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிய முடிந்தது. நோட்டீஸையும் டப்பாவின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பக்கத்துத் தெருவில் அதே முகாம் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் எடுக்க வேண்டாம்.