ஏழு மணி இட்லியா, ஒன்பது மணி புரோட்டாவா?

அப்பா வேலை முடிந்து வந்ததும் ஒன்பது மணிக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது ஒரு வழக்கம். பிள்ளைக்கு மட்டும் ஏழு மணிக்கே இட்லியோ இடியாப்பமோ கொடுத்துவிடுவது இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக நாங்கள் இரண்டாவதற்கு மாறினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மணிச் சாப்பாட்டில் ஒரே சமையல், ஒரே பந்தி, கூடவே பேச்சு. ஏழு மணிக்கு மாறினால் இதை இழக்கத்தான் வேண்டும். ஆனால் புரோட்டாவும் குருமாவும் போல எண்ணெய் மிகுந்த உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். சாப்பிட்ட கையோடு படுக்கும் பிள்ளை நெடுநேரம் புரண்டுகொண்டிருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் எட்டுதான் கிடைக்கிறது. காலையில் பசியில்லாமல் ஒரு தம்ளர் பாலோடு வேன் ஏறினால், அடுத்த முழுச் சாப்பாடு மதியம் பன்னிரண்டரைக்குத்தான்.

ஏழு மணி ஏற்பாடு நிலைப்பதும் கவிழ்வதும் மாலைத் தீனியைப் பொறுத்தது. பள்ளியிலிருந்து நாலரைக்கு வரும் பிள்ளைக்கு உண்மையாகவே பசிக்கும். அப்போது பிஸ்கட்டில் தொடங்கி ஆறு மணிக்கு பஜ்ஜியில் முடிந்தால், ஏழு மணித் தட்டு அப்படியே இருக்கும். ஒன்பது மணிக்கு மறுபடி பசி வரும். பலர் "என் பிள்ளைக்கு இது ஒத்துவரவில்லை" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். நாலரைக்கே தயிர்சாதமோ சுண்டலோ வாழைப்பழமோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும் என்று நிறுத்துங்கள். ஏழு மணிக்குப் பிள்ளை தானாக அடுப்படிக்கு வரும். நேரத்தையும் ஒரேயடியாக மாற்றாமல், சில நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னே நகர்த்துவது எளிது.

எளிய உணவு என்றால் அரைவயிறு அல்ல. வெறும் சட்னியோடு இட்லி கொடுத்தால் படுக்கும் முன்பே பசிக்கும். பருப்பு நிறைந்த சாம்பாரோ வேகவைத்த முட்டையோ சேர்ந்தால் தாங்கும். விடியற்காலையில் பசியால் விழித்தால் இரவில் கொடுத்தது குறைவு. எழுந்த அரைமணி நேரத்தில் "டிபன் என்ன?" என்று கேட்டால் அளவு சரி.

மாலை ஏழரை வரை விளையாட்டுப் பயிற்சியோ டியூஷனோ உள்ள பிள்ளைக்கு இந்த நேரம் பொருந்தாது. அங்கே கிளம்பும் முன் பெரும்பகுதியையும், திரும்பியபின் ஒரு தோசையையும் கொடுக்கலாம். பதின்ம வயதினரிடம் எனக்கு அனுபவம் இல்லை. இன்சுலின் போடும் பிள்ளைக்கு உணவு நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

சேர்ந்து சாப்பிடுவதை நாங்கள் காலைக்கு மாற்றிக்கொண்டோம். ஒன்பது மணிப் புரோட்டா ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போய்விட்டது.